பலூன் விற்கும் பெரியவர், அந்தி நேரம்: ஒரே படம், ஏழு கேப்ஷன். எதை வைப்பது, எதை எடுப்பது?

நடைபாதைக்கண் எழுதியது:

ஒரே ஒரு தெருப் படத்துக்குத் தொடராகச் சில கேப்ஷன்கள் எழுதிக்கொண்டிருக்கிறேன். முதலில் முழுப் படம் வரும். அதன்கீழ் ஒவ்வொன்றாகச் சிறு வரிகள். ஒவ்வொரு வரியும் வாசகரைப் படத்துக்கே திருப்பி அனுப்ப வேண்டும் என்பது ஆசை. சத்தம் போடாத வரிகளாக இருக்க வேண்டும்.

படத்தில் என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். பூங்கா வேலியை ஒட்டி ஒரு பெரியவர் நிற்கிறார். எழுபது வயதுக்கு மேல் இருக்கலாம். இடது தோளில் ஒரு மூங்கில் கோலைச் சாய்த்திருக்கிறார், கோலின் மேல் பாதி முழுக்கப் பலூன்கள். சூரியன் மறைந்துவிட்டது, வானம் கருநீலம். பின்னால் ஒரு தெருவிளக்கு எரியத் தொடங்கியிருக்கிறது. வலது ஓரத்தில் ஒரு குழந்தை ஓடுவது கலங்கலாகப் பதிவாகியிருக்கிறது. பெரியவர் தலை குனிந்து கையில் ஏதோ செய்துகொண்டிருக்கிறார். 35 எம்எம் லென்ஸ், எஃப் 2, நொடியில் முப்பதில் ஒரு பங்கு, ஐஎஸ்ஓ 1600.

இப்போது எழுதி வைத்திருப்பவை:

1. அந்தி சாய்கிறது. ஒரு கோல், எத்தனை நிறங்கள்.
2. தன் மூச்சை ஊதி ஊதி விற்கிறார்.
3. பறக்கத் துடிக்கும் பலூன்கள், பிடித்து நிற்கும் கோல்.
4. இன்று விற்பனை சரியில்லை. வீட்டில் காத்திருக்கிறார்கள்.
5. சிவப்புதான் முதலில் அணைகிறது.
6. குழந்தை கடந்துபோகிறது. அவர் நிமிரவில்லை.
7. இருட்டிவிட்டது.

எது நிற்கும், எது விழும்? தயங்காமல் சொல்லுங்கள்.

---

மாலைவெயில் எழுதியது:

இரண்டாவது வரி அருமை! மூச்சை விற்கிறவர் என்று படித்ததும் நெஞ்சு கனத்துவிட்டது. அதைத் தொடாதீர்கள். ஏழாவது கொஞ்சம் சப்பென்று இருக்கிறது, அங்கே வாழ்க்கையைப் பற்றி ஒரு வரி வந்தால் முழுமையாகும்.

---

அச்சுமேசை எழுதியது:

நாளிதழில் படத்துக்குக் குறிப்பு எழுதும் மேசையில் நெடுநாள் உட்கார்ந்தவன். அந்தப் பழக்கத்தில் ஒன்று கேட்கிறேன். படத்தை நூறு சதவீத அளவுக்குப் பெரிதாக்கி, மேல் இடது மூலையிலிருந்து கீழ் வலது மூலைவரை ஒருமுறை மெதுவாகப் பார்த்தீர்களா? வரிகளைப் படித்தால் நீங்கள் ஆளைப் பார்த்தது தெரிகிறது. படத்தைப் பார்த்தது அவ்வளவாகத் தெரியவில்லை. பெரியவரின் இடுப்புப் பக்கம் என்ன இருக்கிறது? கையில் "ஏதோ" என்கிறீர்களே, அது என்ன? தோளில் கோல் படும் இடத்தில் என்ன? இந்த மூன்றையும் பார்த்துச் சொல்லுங்கள், பிறகு வரிகளைப் பேசலாம்.

---

நடைபாதைக்கண் எழுதியது:

பெரிதாக்கிப் பார்த்தேன்.

இடுப்பில் ஒரு கயிற்றில் கைப்பம்பு தொங்குகிறது. குழாய்போல் நீளமான, பிளாஸ்டிக் பம்பு. கையில் ஒரு மஞ்சள் பலூன். அதன் கழுத்தை இரண்டு விரலால் நெரித்துப் பிடித்துக்கொண்டு, நூலைச் சுற்றுகிறார். நூலின் ஒரு முனை உதட்டுக்கு நடுவே இருக்கிறது. தோளில் கோலுக்கு அடியில் நான்காக மடித்த துணி.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. கோலில் சில நூல்களின் முனையில் பலூன் இல்லை. ரப்பர் கழுத்து மட்டும், முடிச்சோடு, கிழிந்த ஓரத்தோடு தொங்குகிறது. எண்ணினால் நான்கு.

---

அச்சுமேசை எழுதியது:

அப்படியானால் இரண்டாவது வரி விழுந்தது. இடுப்பில் பம்பு தொங்கும்போது "தன் மூச்சை ஊதி விற்கிறார்" என்று எழுத முடியாது. மாலைவெயிலுக்கு நெஞ்சு கனத்தது உண்மைதான், ஆனால் அந்தக் கனம் படத்திலிருந்து வரவில்லை. பலூன் விற்பவர் என்றாலே நம் எல்லோர் வாயிலும் தயாராக இருக்கும் வரி அது. படத்தைப் பார்க்காமலே எழுதலாம். கூர்ந்து பார்க்கிற ஒரு வாசகர் பம்பைக் கண்டுபிடித்த நொடியில் மற்ற வரிகளையும் நம்பமாட்டார்.

நீங்கள் இப்போது சாதாரணமாகச் சொன்னீர்களே, "நூலின் ஒரு முனை உதட்டுக்கு நடுவே", அதுதான் கேப்ஷன்.

---

மாலைவெயில் எழுதியது:

ஆனால் படத்தில் தெரிவதையே கேப்ஷனில் எழுதக் கூடாது என்றுதானே எல்லோரும் சொல்கிறார்கள்? பம்பு தெரிகிறது, துணி தெரிகிறது. பிறகு எதற்கு எழுத வேண்டும்? தெரியாததைச் சொல்வதுதானே கேப்ஷனின் வேலை?

---

அச்சுமேசை எழுதியது:

பாதி சரி. முதல் பார்வையிலேயே எல்லோருக்கும் தெரிவதை எழுதினால் வரி வீண். "ஒரு கோல், எத்தனை நிறங்கள்" என்ற முதல் வரி அப்படிப்பட்டது. படம் கண்ணில் பட்ட கணத்திலேயே அது தெரிந்துவிடும். ஆனால் படத்தில் இருந்தும் முதலில் யாரும் கவனிக்காத விஷயம் இருக்கிறது. அதை எழுதினால் வாசகர் உடனே மேலே போய்த் தேடுவார். தேடிக் கண்டுபிடித்ததும் அது அவருடைய கண்டுபிடிப்பு ஆகிவிடும். ஒரே படத்துக்குத் தொடர் எழுதுகிறவருக்கு இதைவிட்டால் வேறு பிழைப்பே இல்லை. ஒவ்வொரு வரிக்கும் படத்தில் ஓர் இடம் இருக்க வேண்டும், விரல் வைத்துக் காட்டும்படி.

நடைபாதைக்கண், ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் அந்த இடத்தை எழுதிப் பாருங்கள். இடம் எழுத முடியாத வரி எது?

---

நடைபாதைக்கண் எழுதியது:

நான்காவது. "விற்பனை சரியில்லை, வீட்டில் காத்திருக்கிறார்கள்." இதற்குப் படத்தில் இடமே இல்லை. ஏழாவதற்கும் கிடையாது, வானத்தில் இன்னும் நீலம் இருக்கிறது.

---

தறிநூல் எழுதியது:

நடுவில் வருகிறேன், மன்னியுங்கள். ஐஎஸ்ஓ 1600 என்றால் நிழல் பகுதியில் மணல்போல் புள்ளி வந்திருக்குமே. அதை முதலில் மென்பொருளில் சுத்தம் செய்யுங்கள், அப்புறம் வரி எழுதலாம். என் பாட்டி தையல் மெஷினில் உட்கார்ந்திருக்கும் படம் ஒன்று என்னிடம் இருக்கிறது, விளக்கு வெளிச்சத்தில் எடுத்தது. சுத்தம் செய்ததும் பாட்டியின் முகம் அப்படியே பளிச்சென்று வந்தது. அதற்கும் இதுபோல் வரிகள் எழுத வேண்டும், இங்கே போடலாமா?

---

அச்சுமேசை எழுதியது:

தறிநூல், பாட்டி படத்துக்குத் தனி இழை தொடங்குங்கள், நிச்சயம் வந்து பார்க்கிறேன். அதற்குள் ஒரு எச்சரிக்கை. புள்ளியை அழிக்கும்போது நூல், கிழிந்த ரப்பர் ஓரம், தோல் சுருக்கம் எல்லாம் சேர்ந்து மழுங்கிவிடும். இந்தப் படத்தில் நாம் பேசுவதே அந்த நூலைப் பற்றித்தான். புள்ளி இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.

நான்காவது வரிக்கு வருகிறேன். இதில் எனக்குக் கோபமே உண்டு.

1936 மார்ச்சில் கலிஃபோர்னியாவின் நிப்போமோவில் டோரதியா லாங்கே எடுத்த படம் எல்லோருக்கும் தெரியும். கையைக் கன்னத்தில் வைத்த தாய், இரு தோளிலும் முகம் புதைத்த குழந்தைகள். "பட்டாணி பறிக்கும் வறியவர்கள், ஏழு குழந்தைகளின் தாய், வயது முப்பத்திரண்டு" என்ற அளவில்தான் அதன் படக்குறிப்பு. ஆனால் பிறகு 1960இல் அந்தச் சந்திப்பைப் பற்றி லாங்கே எழுதியபோது, அந்தப் பெண் சாப்பாட்டுக்காகக் காரின் டயர்களை விற்றுவிட்டதாக எழுதினார். அவர் பெயரைக் கேட்கவில்லை என்றும் அதே கட்டுரையில் சொன்னார். 1978இல்தான் அந்தப் பெண் ஃபுளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் என்று வெளியே தெரிந்தது. டயரை விற்ற கதையை அவர் குடும்பம் மறுத்தது. விற்பதற்கு எங்களிடம் வேறு டயரே இல்லை என்றார் அவர் மகன். லாங்கே பொய் சொல்ல நினைத்தார் என்று நான் சொல்லவில்லை, வேறு குடும்பத்தோடு குழம்பியிருக்கலாம். ஆனால் அந்த ஒரு வரி அந்தக் குடும்பத்தின்மேல் பல வருஷம் ஒட்டிக்கொண்டது. ஃபுளோரன்ஸுக்கே அந்தப் படத்தின்மேல் கசப்பு இருந்தது.

லாங்கே போய்ப் பேசினார், குறிப்பும் எடுத்தார். அப்படியிருந்தும் இது நடந்தது. நீங்கள் பெரியவரிடம் பேசினீர்களா? பேசவில்லையென்றால் அவர் வீட்டைப் பற்றி ஒரு சொல்கூட உங்களுக்குச் சொந்தமில்லை. மீதிப் பலூனைப் பார்த்து விற்பனை சரியில்லை என்கிறீர்கள். கோல் நிறையப் பலூன் இருந்தால் விற்கவில்லை என்றும் சொல்லலாம், விற்க விற்க ஊதிக் கட்டுகிறார் என்றும் சொல்லலாம். படத்தில் அவர் ஒன்றைக் கட்டிக்கொண்டிருக்கிறார்!

---

நடைபாதைக்கண் எழுதியது:

எடுத்த பிறகு இரண்டு வார்த்தை பேசினேன், பலூன் ஒன்று வாங்கினேன். வீட்டைப் பற்றி எதுவும் பேசவில்லை. நான்காவது வரியை எடுத்துவிடுகிறேன்.

அந்தக் கழுத்துகள்தான் இப்போது மனதில் நிற்கின்றன. "நான்கு நூல்களில் கழுத்து மட்டும் மீதி." இப்படி ஒரு வரி வரலாமா?

---

மேடைரவி எழுதியது:

நான் விழா மேடைகளுக்குப் பலூன் அலங்காரம் செய்கிறவன். புகைப்படம் பற்றி ஒன்றும் தெரியாது, பலூன் தெரியும். அதனால் மூன்றாவது வரியைப் பற்றிச் சொல்லலாமா?

கைப்பம்பில் ஊதினால் உள்ளே வெறும் காற்றுதான். ஹீலியம் இல்லை. காற்று அடைத்த பலூன் பறக்காது. ரப்பரின் எடையும் சேர்வதால் விட்டால் கீழேதான் இறங்கும். அதனால்தான் கோலில் கட்டுகிறார்கள். கோலின் மேல்புறம் இருப்பது ஒன்றன்மேல் ஒன்று இடித்து நிற்கும், ஓரத்தில் இருப்பது தலைகீழாகத் தொங்கும். "பறக்கத் துடிக்கும்" என்று எழுதினால் என்னைப் போன்றவன் சிரித்துவிடுவான். காற்று வீசினால் அசையும், அது வேறு.

இன்னொன்று. பலூன்களின் மேல் தெருவிளக்கு எப்படித் தெரிகிறது? எல்லாவற்றிலும் ஒரே மாதிரியா?

---

நடைபாதைக்கண் எழுதியது:

இல்லை. சிலவற்றில் ஊசிமுனைபோல் சின்னப் புள்ளியாக விளக்கு தெரிகிறது. சிலவற்றில் அதே விளக்கு பரவிப்போய் வெறும் வெள்ளைப் படலமாகத் தெரிகிறது. ஃபோகஸ் தவறியிருக்கும் என்று நினைத்தேன். ஆனால் பக்கத்துப் பக்கத்து பலூன்களிலேயே அப்படி இருக்கிறது.

---

வேங்கைமரம் எழுதியது:

சாயங்காலக் குளிர்ச்சியில் காற்று சுருங்கும், பலூனும் தளரும், அதனால் பளபளப்பு போயிருக்கும். வெப்பம் குறைந்தால் கொள்ளளவு குறையும் என்பது பள்ளிக்கூடப் பாடம்தானே.

---

மேடைரவி எழுதியது:

சார் சொல்வது தவறில்லை, சுருங்கும். ஆனால் எவ்வளவு? பகலில் 36 டிகிரி, அந்தியில் 28 என்று வைத்துக்கொள்ளுங்கள். கொள்ளளவு நூற்றுக்கு மூன்று பங்குகூடக் குறையாது. குறுக்களவில் பார்த்தால் ஒரு பங்குக்கும் கீழே. கண்ணுக்குத் தெரியாது. அதோடு குளிர் என்றால் எல்லாப் பலூனுக்கும்தானே குளிர்? பக்கத்தில் இருப்பது மட்டும் ஏன் பளபளக்கிறது?

காரணம் ரப்பர். ஊதி விரிந்த ரப்பரின் மேல்தோல் காற்றும் வெயிலும் பட்டு மங்கும். எங்கள் வேலையில் இது தினம் பார்க்கிறது. வெயிலில் வைத்த வளைவு சில மணி நேரத்திலேயே வெல்வெட் துணிபோல் ஆகிவிடும், உள்ளே நிழலில் வைத்தது பளபளவென்று நிற்கும். அப்படி மங்கினதில் விளக்கு பரவித் தெரியும். புதிதாக ஊதினதில் புள்ளியாகத் தெரியும். ஆக அந்தக் கோலில் மங்கல் எல்லாம் பகலில் ஊதினது, பளபளப்பு எல்லாம் சற்று முன் ஊதினது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

ஆனால் ஒரு ஜாக்கிரதை. வாங்கும்போதே மங்கலாக வரும் ரகமும் உண்டு, முத்துப்போல் மினுங்கும் ரகமும் உண்டு. நிறம் வேறு வேறாக இருந்தால் ஒப்பிட முடியாது. ஒரே நிறத்தில், ஒரே அளவில் ஒன்று மங்கல், ஒன்று பளபளப்பு என்று இருக்கிறதா பாருங்கள். கையில் கட்டிக்கொண்டிருக்கும் மஞ்சளையும் கோலில் இருக்கும் மஞ்சளையும் ஒப்பிட்டால் போதும்.

---

நடைபாதைக்கண் எழுதியது:

ரவி அண்ணா, நீங்கள் சொன்னது அப்படியே இருக்கிறது. கையில் இருக்கும் மஞ்சளில் விளக்கு புள்ளி, ஓரத்தில் வேலிக் கம்பிகூட வளைந்து தெரிகிறது. கோலின் நடுவில் அதே மஞ்சள், அதே அளவு, விளக்கு ஒரு படலம்தான். இரண்டு சிவப்பிலும் அப்படியே. இதற்கு முன் எத்தனையோ தடவை இந்தப் படத்தைத் திறந்திருக்கிறேன், இது கண்ணில் படவே இல்லை.

மூன்றாவதை எடுத்துவிட்டு இப்படி வைக்கிறேன்: "மங்கலானவை வெயிலைப் பார்த்தவை. கையில் இருப்பது இப்போது ஊதியது."

---

அச்சுமேசை எழுதியது:

இந்த இழையிலேயே சிறந்த வரி இதுதான். பகல் முழுக்க அவர் நின்றிருக்கிறார் என்பது அதில் இருக்கிறது. யாரும் அதைச் சொல்லவில்லை, ரப்பர் சொல்கிறது. "விற்பனை சரியில்லை" என்று எழுதி நீங்கள் என்ன உணர்த்த நினைத்தீர்களோ அதற்குப் பக்கத்தில்தான் இதுவும் நிற்கிறது. ஆனால் இதற்குச் சாட்சி படத்திலேயே இருக்கிறது.

"வெயிலைப் பார்த்தவை" என்பதில் கொஞ்சம் அழகு கூடிவிட்டது. "வெயிலில் நின்றவை" போதும் என்று நினைக்கிறேன். உங்கள் விருப்பம்.

---

ஒலிவழி எழுதியது:

எனக்குப் பார்வை இல்லை. திரைவாசிப்பான் வழியாக இந்த இழையைக் கேட்டுக்கொண்டு வருகிறேன். முதல் பதிவில் படத்தில் என்ன இருக்கிறது என்று நீங்கள் எழுதியதால்தான் என்னால் தொடர முடிகிறது. ஆனால் வெளியிடும்போது அந்த விவரிப்பு இருக்குமா? பெரும்பாலும் இருக்காது. படம் வரும், "புகைப்படம்" என்று மட்டும் என் காதில் விழும், கீழே "கையில் இருப்பது இப்போது ஊதியது" என்று ஒரு வரி வரும். யார் கை, எதை ஊதினார், எதுவும் எனக்குத் தெரியாது.

அமைதியான கேப்ஷன் எழுதுகிறவர்கள் எல்லோரும் வாசகர் மேலே போய்ப் படத்தைத் தேடுவார் என்று நம்புகிறார்கள். நான் தேடப் போனால் அங்கே எதுவும் இருப்பதில்லை. படத்துக்கான மாற்று உரையைத் தயவுசெய்து எழுதுங்கள். அதில் கவிதை வேண்டாம்.

---

நடைபாதைக்கண் எழுதியது:

இது நான் யோசிக்காத பக்கம். உடனே எழுதிப் பார்த்தேன், கேட்டுச் சொல்லுங்கள்:

"அந்தி நேரம், கருநீல வானம். பூங்கா வேலிக்கு முன்னால் எழுபது வயது மதிக்கத்தக்க ஒருவர் தலை குனிந்து நிற்கிறார். இடது தோளில் மூங்கில் கோல், அதில் பல நிறப் பலூன்கள். கோலுக்கு அடியில் மடித்த துணி. இடுப்பில் கைப்பம்பு. நூலின் முனையை உதட்டில் பிடித்து, மஞ்சள் பலூனின் கழுத்தைக் கட்டுகிறார். பின்னால் தெருவிளக்கு எரிகிறது. வலது ஓரத்தில் ஓடும் குழந்தை கலங்கலாக."

---

ஒலிவழி எழுதியது:

நன்றி, இப்போது படம் எனக்கு இருக்கிறது. இரண்டு திருத்தம். ஆளை முதலில் சொல்லுங்கள், வானம் பிறகு வரட்டும். கேட்கிறவருக்கு முதல் சொற்களிலேயே படம் யாரைப் பற்றியது என்று தெரிய வேண்டும், பலர் பாதியிலேயே அடுத்ததற்குத் தாவிவிடுவோம். அடுத்து, மங்கல் பலூனும் பளபளப்பான பலூனும் இதில் இல்லை, வெறும் கழுத்து தொங்கும் நூல்களும் இல்லை. உங்கள் கேப்ஷன் அவற்றைப் பற்றிப் பேசுகிறது. கேப்ஷன் எதைத் தேடச் சொல்கிறதோ அது மாற்று உரையில் இருந்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் எனக்கு அந்த வரி திறக்காது. காரணம் சொல்ல வேண்டாம், "சில பலூன்கள் மங்கலாகவும் சில பளபளப்பாகவும்" என்றால் போதும். கண்டுபிடிப்பை எனக்கும் விட்டுவையுங்கள்.

---

மாலைவெயில் எழுதியது:

ஐந்தாவது வரியை யாருமே தொடவில்லையே. "சிவப்புதான் முதலில் அணைகிறது." எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் இப்போது நீங்கள் எல்லோரும் பேசுவதைக் கேட்ட பிறகு சந்தேகம் வருகிறது. படத்தில் சிவப்புப் பலூன் அணைந்தா இருக்கிறது?

---

நடைபாதைக்கண் எழுதியது:

இல்லை, படத்தில் சிவப்பு நன்றாகவே தெரிகிறது. ஆனால் அங்கே நின்றபோது எனக்குச் சிவப்புப் பலூன்கள் கிட்டத்தட்டக் கறுப்பாகத்தான் தெரிந்தன. நீலமும் பச்சையும் ஒளிர்ந்தன. அது கற்பனை இல்லை.

---

வேங்கைமரம் எழுதியது:

கற்பனை இல்லை தம்பி. வெளிச்சம் குறையக் குறையக் கண்ணின் உணர்வு நீலப் பச்சைப் பக்கம் நகரும். பகலில் பளிச்சென்ற சிவப்புப் பூ அந்தியில் கறுத்துத் தெரியும், இலை அதைவிட வெளிச்சமாகத் தெரியும். செக் நாட்டு விஞ்ஞானி புர்க்கின்யே 19ஆம் நூற்றாண்டில் இதைக் கவனித்து எழுதினார், அவர் பெயரிலேயே இந்த விளைவைச் சொல்கிறார்கள். கேமரா சென்சாருக்கு இந்தப் பழக்கம் கிடையாது. பகலில் சிவப்பை எப்படிப் பதிவு செய்ததோ அப்படியேதான் அந்தியிலும். அதனால் உங்கள் கண்ணும் சரி, படமும் சரி.

---

அச்சுமேசை எழுதியது:

அறிவியல் சரியாக இருக்கட்டும். வாசகர் முன்னால் இருப்பது படம். சிவப்பு எரியும் படத்துக்குக் கீழே "சிவப்பு அணைகிறது" என்று எழுதினால், எழுதியவர் படத்தைப் பார்க்கவில்லை என்றுதான் நினைப்பார். எடுத்துவிடுங்கள்.

---

மாலைவெயில் எழுதியது:

நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். இந்த ஒன்றில்தான் படம் எடுத்தவர் அங்கே நின்றார் என்பதே தெரிகிறது. கேமராவுக்குத் தெரியாத ஒன்று. "நின்ற இடத்தில் சிவப்பு கறுத்திருந்தது" என்று எழுதினால் பொய்யும் இல்லை, படத்தோடு சண்டையும் இல்லை. மற்ற வரியெல்லாம் படத்தைச் சொல்லட்டும், இது ஒன்று கண்ணைச் சொல்லட்டுமே.

---

அச்சுமேசை எழுதியது:

விவரமான வாதம், ஆனாலும் நான் எடுத்துவிடத்தான் சொல்வேன். அந்த வரி வந்ததும் கதை பெரியவரிடமிருந்து படம் எடுத்தவரிடம் போய்விடுகிறது. நடைபாதைக்கண் முடிவு செய்யட்டும்.

ஆறாவது வரி பற்றிச் சுருக்கமாக: "அவர் நிமிரவில்லை" என்பதில் ஒரு குறை சொல்லும் தொனி ஏறிவிடுகிறது, குழந்தையைக் கண்டுகொள்ளாதவர்போல. நொடியில் முப்பதில் ஒரு பங்கில் அவர் நிமிரவில்லை, அவ்வளவுதான் நமக்குத் தெரியும். அடுத்த நொடியில் நிமிர்ந்து சிரித்திருக்கலாம். எதைப் பார்க்கவில்லை என்பதை விட்டு எதைப் பார்க்கிறார் என்று எழுதுங்கள். முடிச்சைப் பார்க்கிறார்.

---

நடைபாதைக்கண் எழுதியது:

எல்லாவற்றையும் வைத்து மறுபடி எழுதினேன். ஏழு ஐந்தாகிவிட்டது:

1. தெருவிளக்கு எரிகிறது. வானத்திலும் இன்னும் வெளிச்சம்.
2. இடுப்பில் பம்பு. கோல் அழுத்தும் தோளில் மடித்த துணி.
3. மங்கலானவை வெயிலில் நின்றவை. கையில் இருப்பது இப்போது ஊதியது.
4. நான்கு நூல்களில் கழுத்து மட்டும்.
5. ஓரத்தில் ஒரு குழந்தை ஓடுகிறது. நூல் உதட்டில், கண் முடிச்சில்.

சிவப்பு வரியை இப்போதைக்குத் தனியே வைத்திருக்கிறேன், எந்தப் பக்கமும் மனம் சாயவில்லை. மாற்று உரையை ஒலிவழி சொன்னபடி மாற்றிவிட்டேன்: "பலூன் விற்கும் முதியவர் ஒருவர் தலை குனிந்து" என்று தொடங்குகிறது, மங்கலும் பளபளப்பும் வெறும் நூல்களும் உள்ளே வந்துவிட்டன.

இன்னொரு கேள்வி. ஒவ்வொரு வரிக்கும் அந்தந்த இடத்தை மட்டும் வெட்டித் தனிப் படமாகப் போடலாமா? பம்பு ஒன்று, கழுத்துகள் ஒன்று என்று.

---

அச்சுமேசை எழுதியது:

வேண்டாம் என்பேன். உங்கள் கோப்பு 24 மெகாபிக்சல் என்று வைத்துக்கொண்டால் அகலம் 6000 பிக்சல். அந்த நான்கு நூல்கள் படத்தின் அகலத்தில் எட்டில் ஒரு பங்குகூட இருக்காது. வெட்டினால் 700 பிக்சல் சொச்சம் கிடைக்கும், அதுவும் ஐஎஸ்ஓ 1600இன் புள்ளிகளோடு. அதைவிட முக்கியம், வெட்டிக் கொடுத்தால் வாசகர் தேட மாட்டார். தேடித்தான் அந்தக் கழுத்துகள் கிடைக்க வேண்டும்.

---

தறிநூல் எழுதியது:

நான் வெட்டிப் போடச் சொல்வேன். கைப்பேசித் திரையில் முழுப் படத்தைப் பார்த்தால் நூல் முனையெல்லாம் யாருக்குத் தெரியும்? என் பாட்டி படத்தில் ஊசி இருப்பதே பெரிதாக்கிக் காட்டினால்தான் தெரிகிறது. இங்கே கேப்ஷனைப் படிக்கிறவர்களில் பாதிப்பேர் பெரிதாக்கிப் பார்க்க மாட்டார்கள்.

---

மேடைரவி எழுதியது:

அக்கா சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. என் கைப்பேசியில் பலூனில் விளக்குப் புள்ளி தெரியாது. மூன்றாவது வரிக்கு மட்டும் இரண்டு மஞ்சளையும் சேர்த்து ஒரு வெட்டு போட்டால் என்ன? மற்றதெல்லாம் முழுப் படத்திலேயே தேடிக்கொள்ளட்டும்.

அப்புறம் வரிசை. கழுத்து வரியை மூன்றாவதாக வைத்து, மங்கல் வரியை நான்காவதாக வைத்தால் நன்றாக இருக்கும். முதலில் வெடித்தது, பிறகு பகலில் நின்றது, கடைசியில் இப்போது கட்டுவது. பலூன் வேலை நடக்கிற வரிசை அது.

---

அச்சுமேசை எழுதியது:

வரிசையில் ரவி சொல்வதை நான் ஏற்கிறேன், மூன்றும் நான்கும் இடம் மாறட்டும். "இப்போது ஊதியது" என்றதும் அடுத்த வரியிலேயே அதைக் கட்டும் கை வந்துவிடும். வெட்டுப் படத்தில் என் கருத்து மாறவில்லை.

கடைசியாக ஒன்று. முகம் தெரிகிற படம் இது. பலூன் வாங்கியபோது படம் எடுத்ததையும் வெளியிடப் போவதையும் சொன்னீர்களா?

---

நடைபாதைக்கண் எழுதியது:

எடுத்ததைக் காட்டினேன், பார்த்துத் தலையாட்டினார். வெளியிடுவது பற்றிப் பேச்சு வரவில்லை. ஒரு பிரதி அச்சிட்டு எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்து, வரிகளையும் படித்துக் காட்டிக் கேட்கப் போகிறேன். வெயிலில் நின்றவை எவை என்று நாம் சொல்வது சரிதானா என்பதையும் அவரிடமே கேட்டுவிடலாம். அவர் வேறு ஏதாவது சொன்னால் மங்கல் வரியை மாற்றி இங்கே போடுகிறேன். அதுவரை தொடர் வெளிவராது.

---

ஒலிவழி எழுதியது:

அவரிடம் போகும்போது மாற்று உரையையும் படித்துக் காட்டுங்கள். வயதை மதிப்பிட்டு எழுதியிருக்கிறீர்கள், அது அவருக்குச் சம்மதமா என்று தெரிந்துகொள்வது நல்லது.